மூணேகால் மணிக்குச் சின்ன முள் எங்கே?

மூணேகால் மணிக்குக் கடிகாரத்தின் இரண்டு முட்களுக்கும் நடுவே எத்தனை டிகிரி? ரயில்வே குரூப் டி தேர்வுக்குப் படிக்கத் தொடங்குகிறவர் சட்டென்று 'பூஜ்ஜியம்' என்று சொல்லிவிடுவார். பெரிய முள் 3-இல் நிற்கிறது, சின்ன முள்ளும் 3-இல்தானே? தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தால் தெரிந்துவிடும்: சின்ன முள் 3-ஐத் தாண்டிக் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

அந்தக் கொஞ்சம்தான் கேள்வியே. பெரிய முள் நிமிடத்துக்கு 6 டிகிரி ஓடுகிறது. சின்ன முள் அரை டிகிரி ஊர்கிறது. ஆக, நிமிடத்துக்கு 5.5 டிகிரி இடைவெளி குறைகிறது. சரியாக 3 மணிக்கு இடைவெளி 90 டிகிரி. 15 நிமிடத்தில் 82.5 டிகிரி குறைந்துவிடும். மிச்சம் 7.5 டிகிரி. அதுதான் விடை.

முட்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது எப்போது? 90-ஐ 5.5-ஆல் வகுத்தால் 16 நிமிடமும் சுமார் 22 விநாடியும் வரும். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் நெகட்டிவ் விடை வந்தால் திகைத்துப்போவார். துரத்தலாகப் பார்த்தவருக்கு, பெரிய முள் முந்திவிட்டது என்று மட்டும் தோன்றும்.

கிழமைக் கணக்கிலும் மிச்சம்தான் விஷயம். வருடத்துக்கு 365 நாள் என்பது 52 வாரமும் 1 நாளும். லீப் வருடமானால் 2 நாள் மிச்சம். 1947 ஆகஸ்ட் 15 என்ன கிழமை என்று பார்ப்போம். முடிந்த வருடங்கள் 1946. முதல் 1600 வருடத்தில் வாரங்கள் சரியாக முடிந்துவிடுவதால் மிச்சமே இல்லை. அடுத்த 300-க்கு 1. பிறகு 46 வருடம்: அதில் 11 லீப், 35 சாதாரணம்; 22-ம் 35-ம் சேர்ந்து 57, ஏழால் வகுத்தால் மிச்சம் 1. ஜனவரி 1 முதல் ஆகஸ்ட் 15 வரை 227 நாள், மிச்சம் 3. மொத்தம் 5. ஞாயிறு 0, திங்கள் 1 என்று எண்ணிக்கொண்டே போனால் வெள்ளி. சுதந்திரம் கிடைத்த நாள் வெள்ளிக்கிழமையேதான்.

சறுக்கும் இடங்கள் இரண்டு. நடந்துகொண்டிருக்கும் 1947-ஐயும் முடிந்த வருடமாக எண்ணினால் சனி வரும். 1700, 1800, 1900 மூன்றும் நான்கால் வகுபடுகின்றன என்று லீப் ஆக்கிவிட்டால் திங்கள் வரும். நூறில் முடியும் வருடம் 400-ஆல் வகுபட்டால்தான் லீப். 2000 லீப், 1900 இல்லை. விடைத்தாளில் சனியும் திங்களும் தேர்வுகளாக இருந்தால், கணக்குப் போட்ட தெம்பிலேயே தவறானதைக் குறித்துவிட்டு வரலாம்.

இந்தக் கணக்கு பழைய தேதிகளுக்கு அப்படியே பொருந்தாது. பிரிட்டன் 1752-இல்தான் இப்போதைய நாட்காட்டிக்கு மாறியது. அங்கே அந்த வருடம் செப்டம்பர் 2 புதன்கிழமை; விடிந்தால் வியாழன், ஆனால் தேதி 14.