பாட்டிக்கு எழுதும் அளவு

ஆறு வயதுப் பையன் குன்னூரில். ஸ்வெட்டர் பின்னப்போகும் பாட்டி மதுரையில். நேரில் நிற்க வைத்து அளக்க வழியில்லை. கடிதத்தில் வரும் அளவை நம்பித்தான் அவர் கண்ணி போட வேண்டும்.

தகராறு பெரும்பாலும் மார்பளவில்தான். "மார்பு 28 அங்குலம்" என்று மட்டும் எழுதினால் அது உடம்பின் அளவா, ஸ்வெட்டரின் அளவா? உடம்பு என்று நினைத்தால் பாட்டி தன் பங்குக்கு 3 அங்குலம் கூட்டுவார். ஸ்வெட்டர் 31 ஆகி, பையன் மூட்டைக்குள் நுழைந்த மாதிரி நிற்பான். இரண்டையும் சொல்லிவிடுவது நல்லது:

"அம்மா, பனியன் மேல், அக்குளை ஒட்டி டேப்பைச் சுற்றி அளந்தேன், 25 இருக்கிறது. உள்ளே முழுக்கைச் சட்டை போடுவான். அதனால் பின்னி முடித்த ஸ்வெட்டரின் சுற்றளவு 28 இருக்கட்டும்."

அங்குலத்துக்கு 5 கண்ணி விழும் நூல் என்றால் சுற்றுக்கு 140 கண்ணி. முன்பக்கம் 70, பின்பக்கம் 70. தைத்து இணைப்பதாக இருந்தால் ஓரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்வார்.

அளக்கும்போது பையன் மூச்சை இழுத்துப் பிடிப்பான். சந்தேகம் வந்தால், இப்போது அவனுக்குச் சரியாக இருக்கும் ஸ்வெட்டரைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரட்டிப்பாக்கிப் பாருங்கள்.

கை நீளத்தில் அவ்வளவு கவலை வேண்டாம். மணிக்கட்டுப் பட்டியை நீளமாகப் பின்னச் சொல்லி மடித்துவிடலாம். தலைச் சுற்றளவை மட்டும் மறக்காதீர்கள். உடம்போடு பார்த்தால் குழந்தைகளுக்குத் தலை பெரிது. கழுத்துப் பட்டியை இறுக்கி முடித்துவிட்டால் ஸ்வெட்டர் காதைத் தாண்டி இறங்காது.