செங்கல் வரி வளையாமல் படத்தைத் திருத்துவது எப்படி?

பூசாத செங்கல் சுவரின் முன்னால் குடும்பமாக நின்று எடுத்த படம். ஓரத்தில் யாருடைய பைக்கோ நிற்கிறது. அதை அழிப்பது எளிது. அது மறைத்திருந்த சுவரைத் திரும்பக் கட்டுவதுதான் வேலை. புல்லிலோ மணலிலோ ஒட்டு தெரியாது. செங்கல்லில் ஒரு கோடு அரைவிரல் அளவு விலகினாலும் கண் அங்கேயே போய் நிற்கும்.

ஃபோட்டோஷாப்பில் பலரும் முதலில் எடுப்பது Clone Stamp. அது ஓரிடத்தில் இருப்பதை அதே அளவில் இன்னோரிடத்தில் பதிக்கும். சுவருக்கு நேர் எதிரே நின்று எடுத்த படமென்றால் அது போதும். பக்கவாட்டில் நின்று எடுத்திருந்தால், தள்ளிப்போகப் போகக் கற்கள் சிறுத்துக்கொண்டே வரும், கோடுகளும் ஒன்றையொன்று நெருங்கும். கிட்டத்துக் கல்லைத் தொலைவில் வைத்தால் வரி படியேறும்.

அதற்குத்தான் Filter மெனுவில் Vanishing Point இருக்கிறது. முதலில் புதிய லேயர் ஒன்று திறந்துகொள்ளுங்கள், மூலப்படம் கெடாது. பைக்கைச் சுற்றி ஒரு தேர்வு போட்டுவிட்டால் பக்கத்தில் நிற்பவர்மேல் செங்கல் ஏறாது. பிறகு உள்ளே போய், சுவரில் நான்கு மூலைகளைச் சொடுக்க வேண்டும். மேலும் கீழும் இரண்டு சாந்துக் கோடுகள், பக்கங்களில் செங்குத்தான இரண்டு கோடுகள். நான்கு கற்களை மட்டும் வளைக்காமல், முடிந்தவரை பெரிய கட்டமாகப் போடுங்கள்; சின்னக் கட்டத்தின் சிறு பிழை, நீட்டும்போது பெரிதாகும். கட்டம் நீலமாக இருந்தால் சரி. மஞ்சளோ சிவப்போ வந்தால் மூலைகளை நகர்த்த வேண்டும்.

இனி உள்ளேயிருக்கும் Stamp கருவி, தொலைவுக்கு ஏற்பக் கல்லைத் தானே சிறிதாக்கும். Alt விசையை அழுத்திச் சொடுக்கும் இடம் கல்லின் நடுவாக இருக்கக் கூடாது, இரண்டு சாந்துக் கோடுகள் சந்திக்கும் முனையாக இருக்க வேண்டும். பதிக்கும் இடத்திலும் அதே மாதிரி முனையில் பொருத்துங்கள். நேர் மேலிருந்தோ கீழிருந்தோ எடுத்தால் ஒரு வரி தள்ளி எடுக்கக் கூடாது. கொத்தனார் ஒவ்வொரு வரியிலும் இணைப்பைத் தள்ளித் தள்ளித்தான் கட்டியிருப்பார். பெரும்பாலான சுவர்களில் இரண்டு வரிக்கு ஒருமுறைதான் அமைப்பு திரும்பும். இரண்டு, நான்கு என்று தள்ளி எடுங்கள். ஒரே மாதிரிச் சதுர ஓடு பதித்த தரைக்கு இந்தக் கவலை இல்லை. சதுரங்கக் கட்டத் தரையானால் நிறம் மாறாமல் பார்க்க வேண்டும்.

வெளிச்சம் ஒத்துப்போகாவிட்டால் Heal தெரிவில் Luminance வைத்துப் பாருங்கள். கறை படிந்த ஒரே கல் இரண்டு இடத்தில் தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒன்றை வேறு கல்லால் மூடுங்கள்.

செல்போனின் அகன்ற லென்ஸ் சுவரின் கோடுகளையே வில்லாக வளைத்திருந்தால் எந்தக் கட்டமும் பொருந்தாது. Lens Correction மூலம் அதை நிமிர்த்திய பிறகே மேலே சொன்னதைத் தொடங்க வேண்டும்.