மரவள்ளி கடந்த கடல்கள்

கொங்கு நாட்டுச் சந்தைகளில் குச்சிக்கிழங்கு என்று கேட்டால்தான் கடைக்காரர் உடனே எடுத்துத் தருவார். நூல்களிலும் பிற வட்டாரங்களிலும் அதுவே மரவள்ளிக்கிழங்கு. விதையின்றி, தண்டை ஒரு சாண் அளவுள்ள குச்சிகளாக வெட்டி நட்டு வளர்ப்பதால் வந்த பெயர் அது. சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரங்களின் மேட்டு நிலங்களில் இன்று பரவலாகக் காணப்படும் இப்பயிரைச் சங்கப் புலவர் எவரும் கண்டதில்லை. மிளகாய், நிலக்கடலை, கொய்யா, பப்பாளி, மக்காச்சோளம், புகையிலை ஆகியவற்றைப் போல இதுவும் அமெரிக்கக் கண்டத்தின் பயிராகும். 1492ஆம் ஆண்டு கொலம்பசு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்ததற்குப் பின்னரே உலகின் பிற பகுதிகள் இதனை அறிந்தன. அந்தக் கடற்பயணத்திற்குப் பிறகு இரு கரைகளுக்கும் இடையே பயிர்களும் விலங்குகளும் நோய்களும் மாறி மாறிச் சென்றன. அப்பெரும் பரிமாற்றத்தை மரவள்ளி என்னும் ஒரே பயிரின் வழியாகவே கண்டுகொள்ளலாம்.

தென்னமெரிக்காவில், இன்றைய பிரேசில் நாட்டின் பகுதியில்தான் மரவள்ளி முதன்முதலில் பயிராக்கப்பட்டது. அம்மண்ணின் மக்கள் அதன் இயல்பை நுட்பமாக அறிந்திருந்தனர். மரவள்ளியின் இலையிலும் தோலிலும் கிழங்கிலும் ஒரு சேர்மம் உண்டு. செடியின் திசு நசுங்கும்போது அது சிதைந்து சயனைடு நஞ்சை வெளிவிடும். கசப்பு வகைகளில் இந்நஞ்சு மிகுதி. இனிப்பு வகைகளில் குறைவு. கசப்பு வகையைப் பூச்சிகளும் காட்டுப் பன்றிகளும் எளிதில் தீண்டுவதில்லை என்பதனால் அம்மக்கள் அதனையே விரும்பி வளர்த்தனர். கிழங்கைத் துருவி, ஓலையால் முடைந்த நீண்ட குழல்போன்ற பையிலிட்டுத் தொங்கவிட்டு, கீழ்நுனியை இழுத்து நஞ்சு கலந்த சாற்றைப் பிழிந்தெடுத்தனர். எஞ்சிய துருவலைச் சுட்ட மண்தட்டில் வறுத்து மாவாகவோ அடையாகவோ ஆக்கினர். இந்த அடை பல மாதங்கள் கெடாதிருக்கும். கரீபியத் தீவுகளுக்கு வந்த ஸ்பானிய மாலுமிகள், தாங்கள் கொண்டுவந்த கோதுமை ரொட்டி பூசணம் பிடித்தபோது, இதனையே உண்டு உயிர்பிழைத்தனர்.

அவ்வாறு உணவளித்த மக்களுக்குக் கடல்கடந்து வந்தவற்றுள் கொடியது பெரியம்மை. 1518ஆம் ஆண்டின் இறுதியில் அது எசுப்பானியோலாத் தீவில் தோன்றியது. 1520இல் மெக்சிகோவை அடைந்தது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் அந்நோய் பல நூற்றாண்டுகளாக இருந்து வந்தது. அங்கே குழந்தைப் பருவத்திலேயே அது தாக்கியது; பிழைத்தவர் வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றல் பெற்றனர். எனவே ஓர் ஊரில் நோய் வந்தாலும் நோயாளியைப் பேணவும் நீர் முகக்கவும் வயலைப் பார்க்கவும் பெரியவர்கள் இருந்தனர். அமெரிக்காவிலோ அந்த எதிர்ப்பாற்றல் ஒருவருக்கும் இல்லை. குழந்தை முதல் முதியவர் வரை ஒரே நேரத்தில் படுத்தனர். ஆகவே நோயால் இறந்தவரோடு, தண்ணீர் கொடுக்கக்கூட ஆளின்றி இறந்தவரும் பலர். விதைக்கும் காலம் தவறியதால் அடுத்துப் பஞ்சமும் வந்தது. தட்டம்மை, சளிக்காய்ச்சல் முதலியவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. போரும் கட்டாய உழைப்பும் அழிவை மேலும் பெருக்கின. மொத்த எண்ணிக்கையில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டிற்குள் பல பகுதிகளில் பத்தில் ஒன்பது பேர் மறைந்தனர் என்பது பெரும்பாலோர் ஏற்கும் மதிப்பீடாகும்.

நோய்கள் பெரிதும் ஒரே திசையில் சென்றதற்கு ஒரு காரணம் கால்நடைகள். ஆசிய, ஐரோப்பிய மக்கள் மாடு, ஆடு, பன்றி, குதிரை ஆகியவற்றோடு நெருங்கி வாழ்ந்தவர்கள். மக்களைத் தாக்கும் தொற்றுநோய்கள் சில விலங்குகளிடமிருந்து வந்தவை என்பர். அமெரிக்க மக்களிடம் நாய், வான்கோழி, தென்பகுதியில் லாமா போன்ற சிலவே வளர்ப்பு விலங்குகளாக இருந்தன.

மக்கள் அழிந்த நிலத்தில் ஐரோப்பியர் கரும்புத் தோட்டங்களை அமைத்தனர். உழைக்க ஆளில்லாத குறையை நிரப்ப ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினர். நான்கு நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் அவ்வாறு ஏற்றப்பட்டனர். அவர்களுள் சுமார் 18 இலட்சம் பேர் கரையையே காணவில்லை. இவ்வணிகத்திலும் மரவள்ளிக்கு இடமிருந்தது. போர்த்துகீசியர் பிரேசிலில் வறுத்த மரவள்ளி மாவை மூட்டை மூட்டையாக அங்கோலாவுக்கு அனுப்பினர். அங்கிருந்து திரும்பிய கப்பல்களில் அடைபட்டிருந்தவர்களுக்கு உணவானது அம்மாவே.

மாவைத் தொடர்ந்து குச்சியும் ஆப்பிரிக்கக் கரையில் இறங்கியது. வளமற்ற மண்ணிலும் அது விளைந்தது. வெட்டுக்கிளிகள் இலையைத் தின்று தீர்த்தாலும் மண்ணுக்குள் கிழங்கு எஞ்சியது. முதிர்ந்த கிழங்கை உடனே தோண்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஓராண்டுக்கு மேலும் மண்ணிலேயே விட்டுவைக்கலாம். களஞ்சியத்தைக் கொள்ளையிடவும் கதிரைக் கொளுத்தவும் வல்ல படைகளால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை முற்றாக அழிக்க முடியாது. அடிமை வணிகத்தால் மக்களை இழந்த ஆப்பிரிக்கா முற்றிலும் வெறுமையாகாமல் காத்தவற்றுள் மக்காச்சோளமும் மரவள்ளியும் அடங்கும் என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுவர்.

ஆனால் பயிர் கடல் கடந்த அளவுக்கு அதனைப் பக்குவம் செய்யும் அறிவு எல்லா இடங்களுக்கும் முழுமையாகச் செல்லவில்லை. ஆப்பிரிக்கர்கள் கிழங்கை நீரில் பல நாள் ஊறவைத்து நொதிக்கச் செய்யும் முறைகளைத் தாமே உருவாக்கினர். வறட்சியிலும் போரிலும் அந்நாள்களைக் குறைத்துக்கொள்ளும்போது நஞ்சு எஞ்சிவிடுகிறது. அத்துடன் புரதம் குறைந்த உணவையே உண்பவர்களின் கால்கள் திடீரெனச் செயலிழக்கின்றன. காங்கோ நாட்டில் இந்நோயைக் ‘கொன்சோ’ என்பர்; கட்டப்பட்ட கால் என்பது அதன் பொருள். மரவள்ளியில் மாவுச்சத்து மிகுதி. புரதமோ நூற்றுக்கு ஒரு பங்கு அளவே. கேரளத்தில் கிழங்கோடு மீனைச் சேர்த்து உண்ணும் வழக்கம் சுவைக்கு மட்டும் உரியதன்று.

தமிழகத்தின் தென்மேற்கே திருவிதாங்கூரில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரவள்ளிச் சாகுபடியை ஊக்குவித்தார். அதன் பயன் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் முழுமையாகத் தெரிந்தது. 1942இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அப்போது திருவிதாங்கூர் ஏழைகளின் வயிற்றை நிரப்பியது இக்கிழங்குதான்.

அதே போர்தான் சேலத்தில் ஒரு தொழிலையும் தோற்றுவித்தது. சவ்வரிசி என்பது ‘ஜாவா அரிசி’ என்பதன் திரிபு என்பர். முற்காலத்தில் அது தென்கிழக்காசியத் தீவுகளில் வளரும் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கப்பட்டுக் கப்பலில் வந்தது. போரால் கப்பல்கள் நின்றன. பாயசத்துக்கும் வடஇந்தியரின் நோன்பு உணவுக்கும் அதன் தேவை மட்டும் நிற்கவில்லை. சேலத்து வணிகர்கள் 1940களின் தொடக்கத்தில் மரவள்ளி மாவிலிருந்து அதே வடிவில் மணிகளைச் செய்யத் தொடங்கினர். தோலுரித்த கிழங்கை அரைத்து, நீர் ஊற்றி வடிகட்டினால் நார்ச்சக்கையான திப்பி மேலே தங்கும். பால்போன்ற நீரைத் தொட்டியில் தெளியவிட்டால் அடியில் மாவு படியும். ஈரமாவை உதிர்த்துத் துணித் தூளியிலிட்டுக் குலுக்கினால் அது சிறு மணிகளாகத் திரளும். அவற்றை எண்ணெய் தடவிய தட்டில் இளஞ்சூட்டில் வறுத்து வெயிலில் உலர்த்தினால் சவ்வரிசி. அமேசான் காட்டில் பிழிந்தும் வறுத்தும் நீக்கிய நஞ்சு இங்கே நீரோடு கழிகிறது. இவ்வாலைகளின் கழிவுநீரை அப்படியே ஓடையில் விடலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மழைநாளில் வெட்டிப்போட்ட பச்சை மரவள்ளி இலையைத் தின்ற ஆடுகள் வயிறு உப்பித் துடித்து இறப்பதைக் கொங்கு நாட்டு உழவர் நன்கறிவர்.

குச்சியிலிருந்து வளரும் பயிருக்கு ஒரு குறை உண்டு. ஒரு வயலின் செடிகள் யாவும் தாய்ச்செடியின் நேர்நகல்கள். ஒன்றைத் தாக்கவல்ல பூச்சி எல்லாவற்றையும் தாக்கும். குச்சியோடு பூச்சியும் பயணம் செய்யும். மரவள்ளியின் பழைய பகையான ஒருவகை மாவுப்பூச்சி 1973இல் காங்கோப் பகுதியில் காணப்பட்டது. ஆணின்றியே பெண் பூச்சி இனம்பெருக்கும். ஒன்று நுழைந்தால் போதும். அது சாற்றை உறிஞ்சியதும் தண்டின் கணுக்கள் குறுகி, நுனி இலைகள் சுருண்டு கொத்தாகிவிடும். அவ்வடையாளத்தைக் கொண்டே உழவர் தாக்குதலை அறியலாம். தென்னமெரிக்காவில் இப்பூச்சியால் பெருஞ்சேதமில்லை; அங்கே அதற்கு எதிரிகள் இருந்தன. ஆப்பிரிக்காவுக்கு எதிரி வந்து சேரவில்லை. சில ஆண்டுகளில் கண்டத்தின் மரவள்ளி வயல்கள் பாழாயின.

நைஜீரியாவின் இபாதானில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து அறிஞர் ஹான்ஸ் ஹெரன், அந்த எதிரியைத் தேடும் முயற்சியை முன்னின்று நடத்தினார். 1981இல் பராகுவே நாட்டில் அது கிடைத்தது: இரண்டு மில்லிமீட்டர் நீளமும் இல்லாத ஒரு குளவி. பெண்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று வளரும். முடிவில் பூச்சி வெற்றுக்கூடாகும். குளவிகள் வளர்க்கப்பட்டு நாடு நாடாக விடப்பட்டன. ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

2020இல் அதே மாவுப்பூச்சி கேரளத்தின் திருச்சூரில் காணப்பட்டது. விரைவில் சேலம், நாமக்கல் வயல்களிலும் நுனிகள் கொத்தாகச் சுருண்டன. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அக்குளவியைத் தருவித்தது. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அது வயலில் விடப்பட்டது. குளவி விட்ட வயலில் கடும் பூச்சிக்கொல்லியைத் தெளித்தால் மாவுப்பூச்சிக்கு முன் குளவியே மடியும். அடுத்த நடவுக்குரிய குச்சியைச் சுருண்ட நுனியுள்ள செடியிலிருந்து வெட்டினால், பூச்சியையும் சேர்த்தே நட்டதாகும்.