தம்பி வளர்றான், பேன்ட் வளராதே! 2 இன்ச் துணி மிச்சப்படுத்தும் பணம்

சம்பளம் வாங்க ஆரம்பிச்சதும் வீட்டுல நம்ம தலையில விழுற முதல் செலவுகள்ல தம்பியோட துணியும் ஒண்ணு. என் தம்பி ஒன்பதாவது படிக்கிறான். தீபாவளிக்கு எடுத்த ரெண்டு பேன்ட்டும் ஏப்ரல்ல கணுக்காலுக்கு மேல நின்னுச்சு. ஆனா இடுப்பு சரியாவே இருந்துச்சு.

காரணம் இதுதான். 13, 14 வயசுல பையன்கள் வேகமா வளரும்போது வருஷத்துக்கு 8 முதல் 10 செ.மீ. வரை உயரலாம். முதல்ல பாதம், அடுத்து கால், கடைசியாத்தான் உடம்பும் தோளும். உயரத்துல கிட்டத்தட்ட பாதி கால்லேயே போகும். அதாவது வருஷத்துக்குச் சுமார் 2 இன்ச். அந்த 2 இன்ச்சை முன்கூட்டியே பேன்ட்டுக்குள்ள வச்சுட்டா போதும்.

இந்த முறை தாம்பரம் சண்முகம் சாலையில ஒரு சாம்பல், ஒரு காக்கி கலர் பேன்ட் எடுத்தேன். ஒண்ணு 750 ரூபாய். நீளம் 40 இன்ச், அவனுக்குத் தேவை 37. ஆல்டரேஷன் கடையில வழக்கமா மிச்சத்தை வெட்டிடுவாங்க. அதனால முதல்லயே சொன்னேன்: “அண்ணா, வெட்டாதீங்க. 3 இன்ச்சையும் உள்ள மடிச்சு தைச்சிடுங்க.” ஆறு மாசம் கழிச்சு 1 இன்ச், அப்புறம் இன்னொரு இன்ச் இறக்கலாம். மடிப்புக்கு 1 இன்ச் மிச்சம் இருக்கும். தைக்கும் முன்னாடி ஒரு தடவை துவைச்சிடுங்க. காட்டன் முதல் தண்ணியிலேயே சுருங்கிடும்.

வாங்கும்போது பேன்ட்டை உள்பக்கம் திருப்பி, பின்பக்க நடுத்தையல்ல துணி மிச்சம் இருக்கான்னு பாருங்க. இருந்தா இடுப்பையும் கொஞ்சம் பிரிக்கலாம். ஜீன்ஸுக்கு இது சரிவராது. அதுல அந்த மிச்சம் இருக்காது. மடிப்பைப் பிரிச்சா பழைய இடத்துல வெள்ளைக் கோடும் தெரியும். வெளிர் கலர் பேன்ட்ல ஈரத்துணி போட்டு அயர்ன் பண்ணா கோடு பெரும்பாலும் மறைஞ்சிடும்.

சட்டையில தோளை அப்படிப் பிரிக்க முடியாது. அதனால முழுக்கை வேண்டாம், அரைக்கை எடுங்க. கை நீளம் பிரச்சினையே வராது. தோள் தையல் எலும்பைத் தாண்டி அரை இன்ச் இறங்கலாம். அதுக்கு மேல போனா அண்ணன் சட்டையைப் போட்ட மாதிரி இருக்கும். வெள்ளை, வெளிர் நீலம், நேவி கலர்ல நாலு சட்டை இருந்தா, ரெண்டு பேன்ட்டோட எட்டு ஜோடி ஆச்சு.

மாத்த வேண்டிய நேரம் எப்போன்னு தெரிய, அவனை நாற்காலியில உட்கார வைங்க. சாக்ஸுக்கு மேல கால் தெரிஞ்சா மடிப்பை இறக்கணும். கையைத் தூக்கும்போது இடுப்பு தெரிஞ்சா புதுச் சட்டை எடுக்கணும்.

ரெண்டு பேன்ட்டுக்கும் மடிப்பு இறக்க ஒரு தடவைக்கு 100 ரூபாய், ரெண்டு தடவைக்கு 200. இல்லன்னா ஆறே மாசத்துல மறுபடியும் 1,500. மிச்சமாகுற 1,300 ரூபாயை ஷூவுக்கு எடுத்து வைங்க. பாதத்துக்கு மடிப்பு வைக்க முடியாதே!