சராசரி ஊதியம் யாருடைய ஊதியம்?

ஊதியப் பேச்சுவார்த்தைகளில் நிர்வாகத் தரப்பு வழக்கமாகச் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: “எங்களிடம் சராசரி ஊதியம் பதினேழாயிரம் ரூபாய்.” அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கணக்கு சரியாக இருந்தும் அது உண்மையை மறைக்கக்கூடும்.

கிருஷ்ணன்கோவிலில் ஒரு சிறு நிறுவனத்தின் ஊதியப் பதிவேட்டைத் தொழிலாளி ஒருவர் கைபேசியில் படம் எடுத்து வருவதாகக் கொள்வோம். படத்தில் தெரியும் ஆறு வரிகள்: 8,500, 9,000, 9,500, 9,500, 10,000, 10,500. 8,500 ரூபாய் துப்புரவுப் பணியாளருடையது. கூட்டுத்தொகை 57,000. ஆறால் வகுத்தால் சராசரி 9,500. வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை அளவும் 9,500. மிகப் பெரிய தொகைக்கும் மிகச் சிறிய தொகைக்கும் உள்ள வேறுபாடான வீச்சு 2,000.

படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஏழாவது வரி மேலாளருடையது: 62,000. அதைச் சேர்த்ததும் கூட்டுத்தொகை 1,19,000 ஆகிறது. ஏழால் வகுத்தால் சராசரி 17,000. அந்தத் தொகையை அங்கே எவரும் பெறவில்லை. அறுவர் அதற்கு வெகு கீழே இருக்கிறார்கள். ஒருவர் வெகு மேலே இருக்கிறார். வீச்சு 53,500 ஆகிவிடுகிறது. இடைநிலை அளவோ 9,500-லேயே நிற்கிறது. ஏழு பேரை வரிசைப்படுத்தினால் நான்காமவரே நடுவர். கடைசியில் இருப்பவர் எவ்வளவு பெறுகிறார் என்பது அவரைப் பாதிப்பதில்லை.

ஆகவே சராசரி இடைநிலை அளவைவிட வெகுவாக உயர்ந்திருந்தால், மேலே ஒரு பெருந்தொகை இருக்கிறதா என்று தேட வேண்டும். அத்தொகை உண்மையானதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். மங்கலான படத்தில் 10,500 என்பது 1,05,000 என்று படிக்கப்படலாம். வரிசை எண்கள் விடுபடவில்லையா, நாம் கூட்டிய தொகை பதிவேட்டின் அடியில் உள்ள மொத்தத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் பிழை புலப்பட்டுவிடும்.

எனினும் இடைநிலை அளவை முழுமையாக நம்பிவிடலாகாது. துப்புரவுப் பணியாளரின் 8,500 ரூபாயை 4,000 ஆகக் குறைத்தாலும் இடைநிலை அளவு அசையாது. சராசரியும் ஏறத்தாழ 16,357 என்றே காட்டும். மேலே இருப்பவரின் மிகுதியைத் தாங்கி நிற்கும் அதே குணம், கீழே இருப்பவருக்கு இழைக்கப்படும் அநீதியையும் காணாமல் விடுகிறது.

சட்டத்தின் பார்வை இங்கேதான் வேறுபடுகிறது. குறைந்தபட்ச ஊதியம் என்பது சராசரிக்கு விதிக்கப்பட்ட வரம்பு அல்ல. ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித்தனியே உரிய உரிமை. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்திற்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே பதிவேட்டின் படம் கைக்கு வந்தால், முதலில் படிக்க வேண்டியது மிகக் குறைந்த தொகை உள்ள வரியை. அதை அந்தப் பணிக்கு அரசு அறிவித்த ஊதியத்தோடு ஒப்பிட்ட பின்னரே மற்றக் கணக்குகளுக்குச் செல்ல வேண்டும்.