காந்தம் ஒட்டினால் மட்டும் போதுமா?

பாத்திரக் கடைக்குப் போனால் என் பையில் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் இருக்கும். சென்ற ஆண்டு ஒரு கடையில் அலுமினிய நான்ஸ்டிக் வாணலியைக் கவிழ்த்து அடியில் வைத்துப் பார்த்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. "பாத்தீங்களாக்கா, இண்டக்‌ஷன் பேஸ்தான்" என்றார் கடைக்காரர். வாங்கி வந்தேன், அடுப்பும் ஏற்றுக்கொண்டது. ஆனால் வெங்காயம் வதக்கினால் நடுவில் கருகியது, ஓரத்தில் பச்சையாகவே கிடந்தது.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. நான்தான் பாதிச் சோதனையோடு நிறுத்திவிட்டேன்.

இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடிக்குக் கீழே செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் திசை மாறுகிறது. அதனால் எழும் காந்தப்புலம், மேலே வைத்த பாத்திரத்தின் அடிக்குள்ளேயே மின்னோட்டத்தைச் சுழல வைக்கிறது. இரும்பாக இருந்தால் அந்த ஓட்டம் அடிப்பரப்பின் மெல்லிய தோலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடும். அந்த நெரிசல்தான் சூடு. அலுமினியத்திலும் செம்பிலும் அது ஆழமாகப் பரவி, அதிகத் தடையில்லாமல் ஓடிவிடும். சூடு சொற்பமே. மண்சட்டியில் மின்சாரமே ஓடாது. பாட்டி கொடுத்த ஈயச்சொம்பும் இதற்கு ஆகாது. ரசத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டியதுதான்.

குழப்புவது எவர்சில்வர். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த 304 ரகம் துருப்பிடிக்காத நல்ல சரக்கு, ஆனால் காந்தத்தை மதிக்காது. நிக்கல் அநேகமாக இல்லாத 430 ரகத்தில் காந்தம் நன்றாக ஒட்டும். ஆகவே உயர்ந்த பாத்திரம் அடுப்பில் வேலை செய்யாமலும் மலிவானது வேலை செய்வதும் நடக்கும். ட்ரை-ப்ளை பாத்திரங்களில் உள்ளே 304, வெளியே 430, சூட்டைப் பரப்ப நடுவில் அலுமினியம் என்று மூன்றையும் ஒட்டித் தருகிறார்கள். இன்னொரு விஷயம்: 304 தகட்டைக்கூட அழுத்தி வளைத்த இடத்தில் லேசாகக் காந்தத்தன்மை வந்துவிடும். விளிம்பில் காந்தம் சோம்பலாக ஒட்டுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது; அடியின் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி என் வாணலி. அதன் அடியில் ஓட்டை ஓட்டையாக ஓர் இரும்புத் தகடு பதிந்திருக்கிறது, ஓட்டைகளில் அலுமினியம் தெரிகிறது. காந்தத்தை நடுவிலிருந்து ஓரம் நோக்கி மெல்ல நகர்த்தினேன். ஓரிடத்தில் கையில் இழுப்பு சட்டென்று விட்டுப்போனது. அளந்தால், வாணலியின் அடி 20 சென்டிமீட்டர், தகடு 13தான். சூடு பிறப்பது அந்த 13-க்குள் மட்டும். மீதியிடத்துக்கு அலுமினியம்தான் அதைக் கொண்டுபோக வேண்டும், அதுவும் மெல்லிய அலுமினியம். இதைக் கடையிலேயே அரை நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். தகடு இதைவிடச் சின்னதாக இருந்தால், பல அடுப்புகள் பாத்திரமே இல்லை என்று பீப் ஒலி எழுப்பி நின்றுவிடும்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பாத்திரத்துக்குத் தண்ணீர்ச் சோதனை. ஒரு லிட்டர் ஊற்றி மூடி, 1,500 வாட்டில் வையுங்கள். 30 டிகிரித் தண்ணீர் கொதிக்க வேண்டிய வெப்பத்தைக் கணக்கிட்டால், எதுவும் வீணாகாமல் இருந்தால் மூன்றேகால் நிமிடம். நடைமுறையில் நான்கு நிமிடத்தை ஒட்டி வரும். என் 430 அடிப் பாத்திரம் அப்படித்தான் கொதித்தது. ஏழெட்டு நிமிடம் இழுத்தால், அடுப்பு காட்டும் வாட் பாத்திரத்துக்குள் போகவில்லை என்று அர்த்தம். இடையில் மூடியைத் திறந்து, முதல் குமிழிகள் எங்கே எழுகின்றன என்றும் பாருங்கள். நல்ல அடியில் அவை பரவலாக எழும். என் வாணலியில் தகட்டின் வட்டத்தை வரைந்து காட்டியது போல எழுந்தன.

கடைசியாக, சமதளம். பாத்திரத்தைக் கவிழ்த்து அடியின் குறுக்கே இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பார்க்க வேண்டும். வெறும் பாத்திரத்தை அதிகச் சூட்டில் வைத்துவிட்டால், இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், இரண்டும் ஒட்டிய அடி வளைந்துவிடும். வெளியே பிதுங்கியிருந்தால் கண்ணாடியின் மேல் ஆடும். உள்வாங்கியிருந்தால்தான் ஆபத்து: பல அடுப்புகளில் சூட்டை அளக்கும் உணரி கண்ணாடிக்குக் கீழே நடுவில் இருக்கிறது. பாத்திரத்தின் நடு அதைத் தொடாமல் நின்றால், எண்ணெய் அளவுமீறிக் காய்ந்த பிறகுதான் அடுப்புக்குத் தெரியவரும்.

என் பழைய பால் பாத்திரத்தில் ஸ்கேலுக்கும் அடிக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் தாராளமாக நுழைகிறது. அது கேஸ் அடுப்புக்குப் போய்விட்டது, பக்கத்தில் அந்த வாணலியும்.