ஒரு மணி நேரத்தின் உண்மைக் கூலி

கட்டட வேலைக்குச் செல்லும் ஒரு கொத்தனாரிடம் நாள் கூலி எவ்வளவு என்று கேட்டால், யோசிக்காமல் சொல்லிவிடுவார். மாலை ஆறு மணிக்குப் பிறகும் பூச்சு வேலையைத் தொடரச் சொன்னால், அதற்குத் தனியே என்ன தருவீர்கள் என்று பேசி முடித்த பின்னரே மீண்டும் கரணையைக் கையில் எடுப்பார். மாதச் சம்பளம் பெறும் ஒருவரிடம், அதுவும் கணக்கே தொழிலாகக் கொண்ட ஒருவரிடம், அவருடைய ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. ஊதியச் சீட்டில் அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் படி, வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் என்று பல வரிகள் இருக்கும். இந்த ஒரு வரி மட்டும் இருக்காது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிறுவனங்களின் ஊதியப் பட்டியல்களைச் சரிபார்த்து வந்தவன் என்பதால், விடுபட்டிருக்கும் அந்த ஒரு வரியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இங்கே விளக்க விரும்புகிறேன். எடுத்துக்காட்டாக என் அக்கா மகளின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் அவர் பணிபுரிகிறார். மாத மொத்த ஊதியம் 41,600 ரூபாய். பணி ஆணையின்படி வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு உணவு இடைவேளை நீங்கலாக எட்டு மணி நேரம். அதாவது வாரத்துக்கு 48 மணி நேரம்.

முதலில் காகிதத்தில் உள்ள கூலியைப் பார்ப்போம். ஆண்டுக்கு 52 வாரங்கள். அவற்றை 12 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதத்துக்கு நான்கே கால் வாரத்துக்குச் சற்று அதிகம். 48 மணி நேரத்தை அதனால் பெருக்கினால் 208 மணி நேரம் வரும். மாதத்துக்கு 26 வேலை நாட்கள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று கணக்கிட்டாலும் அதே 208தான். 41,600ஐ 208ஆல் வகுத்தால் மணிக்கு 200 ரூபாய். இதுவே அவரும் நிறுவனமும் ஒப்புக்கொண்ட விலை.

சில நிறுவனங்கள் இந்த இடத்தில் 26க்குப் பதிலாக 30ஆல் வகுக்கின்றன. அப்படிச் செய்தால் கூலி 173 ரூபாயாகக் குறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் எட்டு மணி நேரம் உழைப்பதாக வைத்துக்கொண்டால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். பணிக்கொடை பற்றிய சட்ட விதி, மாத ஊதியம் பெறுவோரின் ஒரு நாள் ஊதியத்தைக் கணக்கிட 26ஆல்தான் வகுக்கச் சொல்கிறது. வகுக்கும் எண்ணைப் பற்றிய வழக்கு வரும்போதெல்லாம் நான் சுட்டிக்காட்டுவது இதைத்தான்.

அடுத்து, உண்மையில் எவ்வளவு நேரம் வேலை நடக்கிறது என்பது. "தினமும் லேட் ஆகுது மாமா" என்று அவர் சொன்னதை வைத்துக் கணக்குப் போட முடியாது. களைப்பாக இருக்கும் வாரத்தில் நேரம் கூடுதலாகவும், பழகிப்போன வாரத்தில் குறைவாகவும் நினைவில் நிற்கும். எனவே நான்கு வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். அலுவலக நுழைவாயில் அட்டை காட்டும் நேரம், வீட்டிலிருந்து அனுப்பிய கடைசி மின்னஞ்சலின் நேரம், ஞாயிற்றுக்கிழமை மேலாளர் தொலைபேசியில் அழைத்து ஒரு பட்டியலைத் திருத்தச் சொன்ன நாற்பது நிமிடம் எல்லாம் அதில் இடம்பெற்றன. பயண நேரத்தைச் சேர்க்க வேண்டாம் என்றேன். அது வாழ்க்கையிலிருந்து கழியும் நேரம்தான் என்றாலும், ஒப்பந்தம் விலை பேசியது வேலை நேரத்துக்கு மட்டுமே. அதேபோல், நாள்தோறும் தேநீருக்கும் அரட்டைக்கும் போகும் இருபது நிமிடத்தைக் கழித்துவிடச் சொன்னேன். அவருக்கு அதில் வருத்தம்தான். ஆனால், எதிர்த் தரப்பு முதலில் கை வைக்கும் இடம் அதுவாகவே இருக்கும்.

கழிவுகள் போக நான்கு வாரங்களுக்கும் கிடைத்த எண்கள்: 57, 59, 61, 71. நான்காவது வாரம் மாதக் கணக்கு முடிக்கும் வாரம். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு அந்த வாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முழு மாதச் சுற்றையாவது பதிவு செய்ய வேண்டும் என்பதற்குக் காரணமும் அதுவே. முதல் வாரத்தை மட்டும் எடுத்திருந்தால் நிலைமை ஓரளவு பரவாயில்லை என்று தோன்றியிருக்கும். சராசரி 62 மணி நேரம். மாதத்துக்கு ஏறத்தாழ 269 மணி நேரம். 41,600ஐ அதனால் வகுத்தால் மணிக்கு 155 ரூபாய்கூட முழுதாகத் தேறவில்லை.

சம்பளம் ஒரு ரூபாய்கூடக் குறையாமலேயே, அவருடைய ஒரு மணி நேரத்தின் விலை 200லிருந்து 155ஆகச் சரிந்துவிட்டது. நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான ஊதியக் குறைப்பு இது. எந்த நிறுவனமும் இதைக் கடிதத்தில் எழுதித் தந்துவிட முடியாது. தந்தால் மறுநாளே ஊழியர்கள் வேறு வேலை தேடுவார்கள். நேரத்தின் வழியாக வரும்போது அது குறைப்பாகவே கண்ணுக்குத் தெரிவதில்லை.

பண்டிகை விடுமுறை, தற்செயல் விடுப்பு ஆகியவற்றைக் கழித்துவிட்டுக் கணக்கிட வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். கணக்கிடலாம். ஊதியத்துடன் கூடிய விடுப்பைக் கழித்தால் இரண்டு கூலிகளுமே சற்று உயரும். அவற்றுக்கு இடையிலான விகிதம் மாறாது. காகிதக் கூலியை விடுப்பைக் கழிக்காமலும், உண்மைக் கூலியை விடுப்பைக் கழித்தும் கணக்கிட்டு இரண்டையும் அருகருகே வைத்தால்தான் தவறு. இழப்பைச் சிறிதாகக் காட்ட விரும்புவோர் அதைத்தான் செய்வார்கள். ஈடுகட்டும் விடுப்பு உண்மையிலேயே கிடைத்திருந்தால் அந்த நேரத்தைக் கழித்துவிட வேண்டும். ஊக்கத்தொகை கைக்கு வந்திருந்தால் அதைப் பன்னிரண்டால் வகுத்து ஊதியத்தோடு சேர்க்க வேண்டும். இவருக்கு இரண்டும் இல்லை.

ஊதிய உயர்வையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். அடுத்த ஏப்ரலில் பத்து விழுக்காடு உயர்வு கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். கிடைத்தால் சம்பளம் 45,760 ரூபாய். நேரம் 62 மணியிலேயே நின்றால் கூலி 170 ரூபாயாகும். ஒப்பந்தம் செய்த 200க்கு இன்னமும் கீழேதான். பழைய 200ஐத் தொடுவதற்கே சம்பளம் 29 விழுக்காடு உயர வேண்டும். அந்தப் பத்து விழுக்காட்டுடன் ஒரு பதவிப் பெயரும், அந்தப் பெயரோடு வாரத்துக்கு எட்டு மணி நேரமும் கூடி வந்தால் கூலி 151 ரூபாயாகிவிடும். இனிப்புக் கொடுத்துக் கொண்டாடும் நாளில் மணிக்கூலி குறைந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைக்கிறது. மிகைநேரத்தைச் சேர்த்தாலும் வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். இவருடைய 14 கூடுதல் மணி நேரத்தை இந்த அளவுகோலில் வைத்தால், முதல் ஆறு மணி நேரம் இரட்டிப்புக் கூலி தந்து வாங்கியிருக்க வேண்டியது. மீதி எட்டு மணி நேரம், பணமே கொடுத்தாலும் வாங்கக் கூடாதது.

நடைமுறையில் இரண்டு ஓட்டைகள் உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. எனவேதான் ஒருவரையும் நிர்வகிக்காதவர்கள்கூடத் 'துணை மேலாளர்' ஆகிவிடுகிறார்கள். விடுப்பைக்கூட அனுமதிக்க அதிகாரம் இல்லாத மேலாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு இச்சட்டம் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தால் அதை முடிவு செய்யும் அதிகாரம் தொழிலாளர் ஆணையரிடம் இருக்கிறது. பெயர்ப்பலகையைவிட அன்றாடம் செய்யும் வேலையே அங்கே சான்றாக நிற்கும்.

இரண்டாவது ஓட்டை இன்னும் நுட்பமானது. இரட்டிப்பு என்றால் எதன் இரட்டிப்பு? மொத்த ஊதியம் 41,600ஆக இருந்தாலும் இவருடைய அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய்தான், மீதியெல்லாம் படிகள். அடிப்படையை மட்டும் எடுத்துக்கொண்டால் மணிக்கு 72 ரூபாய். அதன் இரட்டிப்பு 144 ரூபாய். ஆக, 'இரட்டிப்பு' என்று தரப்படுவது சாதாரண மணிநேரத்தின் 200 ரூபாயைவிடக் குறைவு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய ஊதியச் சட்டத் தொகுப்பு இதை ஓரளவு அடைக்கிறது. விலக்கு பெறும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே கொள்ளப்படும். அப்படியானால் கணக்குக்கு எடுக்கும் ஊதியம் குறைந்தது 20,800 ரூபாய், மணிக்கு 100, இரட்டித்தால் 200. மிகைநேரத்துக்குச் சட்டம் தரும் இரட்டிப்பு, பாதிப் பங்கு படிகளாக இருக்கும் சம்பளத்தில், சாதாரணக் கூலிக்குச் சமமாகத்தான் வந்து நிற்கிறது. அதுகூட மணிக்குப் பூஜ்யம் என்பதைவிட மேல்.

ஏனெனில் 155 என்பது சராசரிதான். முதல் 48 மணி நேரத்துக்கு 200 ரூபாயும், அதற்குப் பிந்தைய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பூஜ்யமும் என்பதே இங்கு உண்மையில் நடப்பது. இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு பட்டியலைத் திருத்தச் சொல்லும் மேலாளருக்கு அந்த வேலையின் விலை பூஜ்யம். விலையில்லாத பொருளை யாரும் சிக்கனமாகச் செலவழிப்பதில்லை. பிற்பகல் மூன்று மணிக்கே தர வேண்டிய விவரங்களை வேறொரு பிரிவு ஆறரை மணிக்கு அனுப்புவதும், அதை யாரும் கேள்வி கேட்காததும் இதனால்தான். மணிக்கு 400 ரூபாய் தர வேண்டியிருந்தால் மூன்று மணிக்கே அந்த விவரங்கள் வந்துவிடும் என்று நம்புகிறேன்.

மணிக்கூலி ஒன்றை மட்டும் வைத்து வேலையைத் தீர்மானித்துவிட முடியாது என்பதும் உண்மை. அதே வேளையில் அவருக்கு இன்னொரு நிறுவனத்திலிருந்து 36,000 ரூபாய்க்கு அழைப்பு வந்தது. அங்கே ஆறரை மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறார்கள். மணிக்கு 173 ரூபாய். உண்மைக் கூலி அதிகம்தான். ஆனால், வீட்டு வாடகையும் கல்விக் கடன் தவணையும் மாதக் கணக்கில்தான் வருகின்றன. 5,600 ரூபாய் குறைவதை அவரால் தாங்க முடியவில்லை. போகவில்லை.

அதற்குப் பதிலாகக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் சென்றார். பணம் கேட்கவில்லை. மாதக் கணக்கு முடிக்கும் வாரத்துக்கு ஈடாக ஒரு நாள் விடுப்பும், பிற பிரிவுகள் விவரம் தருவதற்கு மாலை நான்கு மணி என்ற கெடுவும் கேட்டார். விடுப்பு மறுக்கப்பட்டது, கெடு ஏற்கப்பட்டது. அடுத்த நான்கு வாரங்களின் சராசரி 57 மணி நேரம். கூலி 168 ரூபாய். குறிப்பேட்டில் இப்போதும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.